பி.ஓ.க்யூ. டோட்டல் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை வைத்தே பிழையைப் பிடிக்கும் வழி

பில் ஆஃப் குவாண்டிட்டீஸின் கடைசிப் பக்க டோட்டல் உங்கள் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால், முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பெருக்கிக் கூட்ட உட்காராதீர்கள். இருபது வரி பில் என்றால் அப்படிச் செய்து முடித்துவிடலாம். முந்நூறு வரி பில்லில், சரிபார்ப்பவரே புதிதாக இரண்டு பிழைகளைச் சேர்த்துவிடுவார். வித்தியாசமாக வரும் தொகையையே முதலில் பாருங்கள். என்ன வகைப் பிழை, எந்த வரியில் என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த வித்தியாசம் ஒரே ஒரு பிழையிலிருந்து வந்திருக்க வேண்டும். மூன்று பிழைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே எண்ணாக நின்றால் அது எதையும் சொல்லாது. அதனால் முதல் வேலை, மொத்த வித்தியாசத்தைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பது. அறிகுறி பார்ப்பது அதற்குப் பிறகு.

வேலையைத் தொடங்கும் முன் ஃபைலை ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். பிழை கண்ணில் பட்டவுடனே திருத்தவும் வேண்டாம். ஒன்றைத் திருத்தினால் மொத்த வித்தியாசம் மாறிவிடும். பிறகு எதை எதிலிருந்து கழிப்பது என்று தெரியாமல் போகும்.

## எடுத்துக்கொள்ளும் பில்

மாதிரிக்கு இரண்டு வகுப்பறைக் கட்டடம் ஒன்றின் பில்லை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கம், 13 ஐட்டம். ஒவ்வொரு வரியிலும் அளவு, ரேட், தொகை மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சி.எஃப். என்று ஒரு வரி; அடுத்த பக்கத்துக்குப் போகும் தொகை அது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பி.எஃப். என்று ஒரு வரி. முந்தின பக்கத்திலிருந்து வந்த தொகை அது. கான்ட்ராக்டர் கொடுத்த கடைசி டோட்டல் ரூ. 14,95,114.00.

எல்லா வரிகளையும் அளவு பெருக்கல் ரேட் என்று தனியாகப் பெருக்கிக் கூட்டினால் வருவது ரூ. 16,14,464.00. வித்தியாசம் 1,19,350. இந்த எண்ணை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பில்லில் இருக்கும் எந்தத் தொகையோடும் பொருந்தவில்லை. 9-ஆல் வகுபடவும் இல்லை. அப்படியானால் பிழை ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எக்செல்லில் அந்தத் தனிக் கூட்டலை ஒரே ஃபார்முலாவில் எடுக்கலாம். அளவு D பத்தியிலும், ரேட் E பத்தியிலும், தொகை F பத்தியிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

```
=SUMPRODUCT(D5:D60,E5:E60)
```

சி.எஃப்., பி.எஃப். வரிகளில் அளவும் ரேட்டும் காலியாக இருக்கும் என்பதால் அவை தாமாகவே இந்தக் கணக்கிலிருந்து விலகிவிடும். பக்கம் விட்டுப் பக்கம் தொகை போவதைப் பற்றி இந்த ஃபார்முலாவுக்கு ஒன்றும் தெரியாது; அதனால்தான் சரிபார்க்க உதவுகிறது. ஓர் எச்சரிக்கை: காற்புள்ளி போட்டு எழுதும் இந்த வடிவம், எழுத்தாகப் பதிந்த எண்களைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். PDF-இலிருந்து ஒட்டிய பில் என்றால் முதலில் D, E பத்திகளில் இருப்பது உண்மையில் எண்தானா என்று பார்த்துவிட்டுத்தான் இதை நம்ப வேண்டும்.

## மொத்த வித்தியாசத்தைப் பிரிப்பது

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டே கேள்விகள். இந்தப் பக்கத்தின் சொந்தத் தொகை சரியா? அதாவது அடியில் போகும் தொகையிலிருந்து தலையில் வந்த தொகையைக் கழித்தால், இந்தப் பக்க ஐட்டங்களின் பெருக்குத் தொகைகளுடைய கூட்டல் வருகிறதா? அடுத்தது, கைமாற்றம் சரியா? முந்தின பக்கத்தின் அடியில் இருக்கும் எண்ணும் இந்தப் பக்கத்தின் தலையில் இருக்கும் எண்ணும் ஒன்றா? இந்த இரண்டைத் தவிர பில்லில் கூட்டல் பிழைக்கு வேறு இடம் கிடையாது.

மாதிரி பில்லில் இருப்பது இது:

| பக்கம் | தலையில் வந்தது | அடியில் போனது | சொந்தத் தொகை | இருக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| 1 | – | 4,47,343 | 4,47,343 | 4,47,343 |
| 2 | 4,47,343 | 10,62,588 | 6,15,245 | 6,06,245 |
| 3 | 10,55,188 | 13,63,174 | 3,07,986 | 3,07,986 |
| 4 | 13,63,174 | 14,95,114 | 1,31,940 | 2,52,890 |

முதல் பக்கத்தில் கோளாறு இல்லை. இரண்டாம் பக்கத்தின் சொந்தத் தொகையில் 9,000 கூடுதல். மூன்றாம் பக்கத்தின் சொந்தத் தொகை சரி; ஆனால் 10,62,588 என்று போன தொகை 10,55,188 என்று வந்திருக்கிறது, கைமாற்றத்தில் 7,400 குறைவு. நான்காம் பக்கத்தில் கைமாற்றம் சரி, சொந்தத் தொகையில் 1,20,950 குறைவு. மூன்றையும் சேர்த்தால் 9,000 கழித்தல் 7,400 கழித்தல் 1,20,950. அதாவது 1,19,350 குறைவு. மொத்த வித்தியாசம் பைசா மீதமில்லாமல் மூன்று துண்டாகிவிட்டது. இப்படிச் சரியாகப் பிரியும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு ரூபாய் மிஞ்சினாலும் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது.

இனி ஒவ்வொரு துண்டும் ஓர் அறிகுறி.

## அறிகுறி: வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது

இரண்டாம் பக்கத்தின் 9,000 இந்த வகை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். 9,000-ஐ 9-ஆல் வகுத்தால் 1,000. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. மூன்று பூஜ்யங்கள் இருப்பதால் மாறிய இலக்கங்கள் ஆயிரம், பத்தாயிரம் இடங்களில் உள்ளவை. முன்னால் நிற்பது 1 என்பதால் அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் வித்தியாசம் ஒன்று. ஆக, இரண்டாம் பக்கத்தில் ஆயிரம், பத்தாயிரம் இடங்களில் 5-ம் 6-ம் போலப் பக்கத்துப் பக்கத்து எண்கள் நிற்கும் தொகையைத் தேட வேண்டும்.

அந்தப் பக்கத்தில் மூன்றே ஐட்டங்கள். செங்கல் கட்டு வேலை 48.75 கன மீட்டர், ரேட் 7,320, தொகை 3,65,850. சென்ட்ரிங் 134 சதுர மீட்டர், ரேட் 615, தொகை 82,410. கூரை கான்கிரீட் 18.20 கன மீட்டர், ரேட் 9,175, தொகை 1,66,985. கண் நேராகச் செங்கல் கட்டுக்குப் போகிறது. 48.75-ஐ 7,320-ஆல் பெருக்கினால் 3,56,850. கையால் எழுதிய தாளிலிருந்து தட்டும்போது 56 என்பது 65 ஆகியிருக்கிறது.

எக்செல்லில் இதை வரி வரியாகப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு பத்தி போதும்:

```
=ROUND(D5*E5,2)-F5
```

இதைக் கீழ்வரை இழுத்துவிட்டால் பூஜ்யம் வராத வரிகள் தனியாகத் தெரியும். செங்கல் கட்டு வரியில் -9000 என்று வரும். பக்கத் தலைப்புகள் உள்ள வரிகளில் #VALUE! வந்தாலும், சி.எஃப்., பி.எஃப். வரிகளில் அந்தத் தொகையே கழித்தல் குறியோடு வந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். ஐட்டம் வரியிலேயே #VALUE! வந்தால் அங்கே அளவோ ரேட்டோ தொகையோ எழுத்தாகப் பதிந்திருக்கிறது.

கால்குலேட்டரும் இல்லாமல் தாளில் சரிபார்க்கும் மூத்தவர்கள் சிலர் இலக்கக் கூட்டலை வைத்துப் பெருக்கலைச் சோதிப்பார்கள். 4875-இன் இலக்கங்களைக் கூட்டினால் 24, அதையும் கூட்டினால் 6. 7320-க்கு 12, பிறகு 3. ஆறு மூணு பதினெட்டு, அதைக் கூட்டினால் 9. விடையின் இலக்கங்களும் கூட்டினால் 9 வர வேண்டும் என்பது அந்தச் சோதனை. நல்ல சோதனைதான், ஆனால் இந்தப் பிழையை அது பிடிக்காது. 3,56,850-க்கும் 3,65,850-க்கும் இலக்கக் கூட்டல் ஒன்றே, 27. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் மாறுவதில்லை. பி.ஓ.க்யூ.வில் அடிக்கடி நடக்கும் பிழைக்கே அது கண்ணை மூடிக்கொள்கிறது என்பதால், அதை மட்டும் நம்பி டிக் போடக் கூடாது.

இன்னொன்று. எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒரு முறை தற்செயலாகவே 9-ஆல் வகுபடும். அதனால் இது தேட வேண்டிய திசையைத்தான் காட்டுகிறது. வரியைப் பெருக்கிப் பார்த்த பிறகுதான் உறுதி.

9-ஆல் வகுத்து வரும் எண் பில்லில் ஒரு தொகையாகவே இருந்தால் கதை வேறு. அந்தத் தொகை பத்து மடங்காக ஏறியிருக்கிறது. பூச்சு வேலை 412 சதுர மீட்டர், ரேட் 318 என்றால் தொகை 1,31,016. சதுர மீட்டர் ரேட்டுக்குப் பதிலாக 10 சதுர மீட்டருக்கான 3,180-ஐப் போட்டுவிட்டால் தொகை 13,10,160 ஆகும். வித்தியாசம் 11,79,144, 9-ஆல் வகுத்தால் அதே 1,31,016. தசமப் புள்ளி ஓர் இடம் நகர்ந்தாலும் இதே அறிகுறிதான். நூறு மடங்கு என்றால் 99-ஆல் வகுத்துப் பாருங்கள். டன், கிலோ குழப்பம் என்றால் 999-ஆல்.

## அறிகுறி: போன தொகை ஒன்று, வந்த தொகை வேறு

மூன்றாம் பக்கத்தின் தலையில் இருக்கும் 10,55,188 ஃபார்முலாவாக இருந்திருந்தால் இந்தப் பிழைக்கே இடமில்லை. யாரோ அதை எண்ணாகத் தட்டியிருக்கிறார்கள், அல்லது மதிப்பாக ஒட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு முதல் பக்கத்தில் ஏதோ ஒரு ரேட் மாறியிருக்கிறது. இரண்டாம் பக்கம் ஃபார்முலாவோடு மாறிக்கொண்டது. மூன்றாம் பக்கத்தின் தலை பழைய தொகையிலேயே நின்றுவிட்டது.

எது மாறியது? 7,400-ஐ முதல் இரண்டு பக்கங்களில் உள்ள ஒவ்வொரு அளவாலும் வகுத்துப் பாருங்கள். மண் தோண்டும் வேலையின் 86.40-ஆல் வகுத்தால் 85.65 போல ஏதோ வருகிறது. பி.சி.சி.யின் 14.25-ஆல் வகுத்தால் 519.30 போல. கம்பியின் 1,850 கிலோவால் வகுத்தால் மிகச் சரியாக 4. வேறு எந்த ஐட்டத்திலும் இப்படி முழு எண் வரவில்லை. கம்பி ரேட் இப்போது 82. முன்பு 78 ஆக இருந்து, கடைசி நேரத்தில் நான்கு ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள். ரேட் மாற்றத்தைத் தேடும்போது அளவுகளால் வகுங்கள்; அளவு மாற்றத்தைத் தேடும்போது ரேட்டுகளால் வகுங்கள். முழு எண்ணோ, ஐம்பது பைசா போன்ற ஒழுங்கான எண்ணோ விழுந்தால் அந்த வரியைச் சந்தேகிக்கலாம். இங்கே காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 10,62,588-ஐக் கொண்டுவந்தால் கணக்கு சேர்ந்துவிடும். ஆனால் ரேட் மாறியது கான்ட்ராக்டருக்குத் தெரிந்தே மாறியதா என்று கேட்பதற்கு இந்தத் தகவல் தேவை.

ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்தில் எண் தட்டியிருக்கிறதா என்று பார்க்க எக்செல்லில் Ctrl + ` அழுத்துங்கள். ஷீட் முழுக்க ஃபார்முலாவாகத் தெரியும். தட்டிய எண்கள் மட்டும் எண்ணாகவே நிற்கும். தொகைப் பத்தியிலும் சி.எஃப்., பி.எஃப். வரிகளிலும் வெறும் எண் தெரிந்தால் அந்த இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி அதையே அழுத்தினால் பழையபடி ஆகும்.

எல்லாம் ஃபார்முலாவாகவே இருந்தும் எண் மாறாமல் நின்றால், ஃபைல் மேனுவல் கணக்கீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ப்பட்டையில் Calculate என்று காட்டினால் அதுதான் காரணம். F9 அழுத்துங்கள், பிறகு Formulas மெனுவில் Calculation Options போய் Automatic ஆக்குங்கள். முதலில் திறந்த ஃபைலின் அமைப்பைத்தான் எக்செல் அடுத்தடுத்து திறக்கும் ஃபைல்களுக்கும் எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் ஃபைலில் குறையே இல்லாமல், அதற்கு முன் திறந்த வேறொருவரின் எஸ்டிமேட்டால்கூட இது வரலாம்.

## அறிகுறி: குறைவது சரியாக ஒரு ஐட்டத்தின் தொகை

நான்காம் பக்கத்தில் குறையும் 1,20,950 அந்தப் பக்கத்தின் கடைசி ஐட்டமான கூரைத் தட்டோடு வேலையின் தொகையேதான்: 118 சதுர மீட்டர், ரேட் 1,025. வரி இருக்கிறது, பெருக்கல் சரி, கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் கூட்டலில் சேரவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, அந்த வரியைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். டோட்டலுக்கு நேர் மேலே புதிய வரி நுழைத்தால் SUM-இன் எல்லை பல நேரம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். டோட்டல் செல்லில் இரட்டைக் கிளிக் செய்தால் கூட்டும் எல்லையைச் சுற்றி நிறக் கட்டம் தெரியும். கடைசி ஐட்டம் அதற்கு வெளியே நிற்பது அப்போது தெரிந்துவிடும். மாதிரி பில்லில் நடந்தது இதுதான். இது மறுபடி வராமலிருக்க, டோட்டலுக்கு மேலே ஒரு வெற்று வரி விட்டு, அந்த வெற்று வரியையும் சேர்த்தே SUM போடுங்கள். புதிய ஐட்டம் எதுவானாலும் அந்த வெற்று வரிக்கு மேலேதான் நுழைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது காரணம், தொகை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருப்பது. SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சந்தேகமான செல்லை இப்படிச் சோதிக்கலாம்:

```
=ISNUMBER(F58)
```

FALSE என்று வந்தால் அது எழுத்து. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. SUM எழுத்தை விட்டுவிடும். ஆனால் F50+F51+F58 என்று கூட்டல் குறி போட்டு எழுதிய ஃபார்முலா அதே எழுத்தை எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும். அதனால் ஒரே பக்கத்தில் ஒருவர் SUM போட்டு, இன்னொருவர் கூட்டல் குறி போட்டால், இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை வரும். இருவரும் தன் கணக்குதான் சரி என்பார்கள். இணையப் பக்கத்திலிருந்தோ PDF-இலிருந்தோ ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருந்தால் கூட்டல் குறியும் #VALUE! என்றே சொல்லும். அப்படிப்பட்ட செல்லை அழித்துவிட்டுக் கையால் தட்டுவதே வேகமான வழி. பத்தி முழுக்க அப்படி என்றால் பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டு மாற்றுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(F58,CHAR(160),""))
```

குறைவதற்குப் பதிலாக ஒரு ஐட்டத்தின் தொகை கூடுதலாக வந்தால், அதே ஐட்டம் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் உடையும் இடத்தில், ஒரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் ஒன்றாக இருப்பது உண்டு. வித்தியாசத்தின் சரிபாதி ஒரு ஐட்டத்தின் தொகையாக வந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறார்கள். பழைய கட்டடத்தை இடித்த பொருளுக்கான கழிவு போன்ற வரிகளில்தான் இது நடக்கும்.

## அறிகுறி: டோட்டல் பல மடங்கு, அல்லது கூடுவது ஒரு பி.எஃப். தொகை

ஷீட்டின் அடியில் F5 முதல் F60 வரை ஒரே SUM போட்டு கிராண்ட் டோட்டல் எடுத்தால், ஐட்டங்களோடு சேர்ந்து எல்லாப் போகும் தொகைகளும் வந்த தொகைகளும் உள்ளே விழுந்துவிடும். அப்போது டோட்டல் பல மடங்கு ஏறி நிற்பதால் யாரும் கவனிக்காமல் விட மாட்டார்கள். தப்பிப்பது சின்ன வடிவம்: பக்க SUM-இன் எல்லையில் பி.எஃப். வரியும் இருக்கிறது, அதன் மேல் மறுபடி பி.எஃப். என்று தனியாகவும் கூட்டியிருக்கிறார்கள். வித்தியாசம் அந்தப் பக்கத்தின் தலையில் இருக்கும் எண்ணே. இரண்டில் ஒன்றை நீக்கினால் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், எக்செல்லில் பக்கத்துக்குப் பக்கம் தொகையைத் தூக்கிக்கொண்டு போவதையே நிறுத்திவிடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் சொந்தத் தொகை மட்டும் போட்டு, கடைசியில் ஒரு சுருக்கத் தாளில் பக்கம் 1, பக்கம் 2 என்று வரிசையாக எழுதிக் கூட்டினால், ஒரு பக்கத்தின் பிழை இன்னொரு பக்கத்துக்குப் பரவாது. சரிபார்ப்பவர் கழித்துக் கழித்துச் சொந்தத் தொகை காண வேண்டியதும் இல்லை. துறை கொடுத்த படிவத்தில் சி.எஃப்., பி.எஃப். இருந்தே ஆக வேண்டும் என்றால், சி.எஃப்., பி.எஃப். வரிகள் இரண்டையும் முதல் ஐட்டத்திலிருந்தே கூட்டும் SUBTOTAL(9,...) ஆகப் போடுங்கள். வெளியே போடும் SUBTOTAL உள்ளே இருக்கும் SUBTOTAL-களைத் தானாக விட்டுவிடும். இரட்டைக் கூட்டல் வராது. ஆனால் ஃபில்டர் போட்டு மறைத்த வரிகளையும் அது விட்டுவிடும் என்பதால், பிரின்ட் எடுக்கும் முன் ஃபில்டரை நீக்கிவிட வேண்டும்.

## அறிகுறி: சில பைசா, சில ரூபாய் மட்டும்

சென்ட்ரிங் வரியை எடுத்துக்கொள்வோம். தாளில் 134 சதுர மீட்டர், ரேட் 615.00 என்று இருக்கிறது. கால்குலேட்டரில் 82,410.00 வருகிறது. ஷீட்டில் 82,409.49. ரேட் அனாலிசிஸிலிருந்து வந்த ரேட் உண்மையில் 614.9962, செல் இரண்டு தசமம் மட்டும் காட்டுவதால் 615.00 என்று தெரிகிறது. பெருக்கல் நடப்பது உள்ளே இருக்கும் எண்ணோடு.

இதைத் தொகையில் திருத்தக் கூடாது, ரேட்டில் திருத்த வேண்டும். ரேட் அனாலிசிஸிலிருந்து பில்லுக்கு வரும் இடத்திலேயே ROUND போட்டு இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள், அளவுக்கும் அப்படியே. பிறகு தாளில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடும். Set precision as displayed என்று எக்செல்லில் ஒரு வசதி உண்டு. அது உள்ளே இருக்கும் தசமங்களை நிரந்தரமாக அழித்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. ரேட் அனாலிசிஸும் அதே ஃபைலில் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதைத் தொடாதீர்கள்.

## இந்த வழிக்குப் பிடிபடாதது

மேலே சொன்ன எல்லாமே பெருக்கலையும் கூட்டலையும் மட்டும் சோதிக்கின்றன. கம்பியின் அளவை 1.850 டன் என்று எழுதி, ரேட்டைக் கிலோவுக்கு 82 என்றே விட்டால் தொகை 151.70. பெருக்கல் சரி, கூட்டல் சரி, வித்தியாசப் பத்தியில் பூஜ்யம். வித்தியாசத்தைப் படிக்க இங்கே வித்தியாசமே இல்லை. இதைப் பிடிக்கத் தொகைப் பத்தியை ஒரு முறை மேலிருந்து கீழே வெறும் கண்ணால் ஓட்ட வேண்டும். கான்கிரீட் தொகை இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பில்லில் கம்பி 151 ரூபாய் என்பது கண்ணில் குத்தும். பிறகு அலகுப் பத்தியைப் பார்த்து, ஒவ்வொரு ரேட்டும் அந்த அலகுக்கானதுதானா என்று கேளுங்கள். பழைய டேட்டா கணக்குகளில் 10 கன மீட்டர், 10 சதுர மீட்டர் என்று அலகு வைத்து எடுத்த ரேட்டுகள் அப்படியே பில்லுக்குள் வந்துவிடுவது சாதாரணம்.

## பிழை கிடைத்த பிறகு எந்த எண் நிற்கும்

சரிபார்ப்பது உங்கள் சொந்த பில் என்றால் திருத்தி அனுப்பிவிடலாம். மற்றவர் கொடுத்த டெண்டர் என்றால் உங்கள் விருப்பத்துக்குத் திருத்த முடியாது. எது நிற்கும் என்பதை டெண்டர் நிபந்தனை சொல்லும், அதைத் திறந்து வைத்துக்கொண்டே திருத்துங்கள்.

மத்திய பொதுப்பணித் துறையின் ஐட்டம் ரேட் டெண்டரில், எண்ணிலும் எழுத்திலும் ரேட் ஒத்திருந்து தொகை மட்டும் தப்பாக இருந்தால் ரேட்தான் நிற்கும். எண்ணும் எழுத்தும் வேறு வேறாக இருந்தால், கான்ட்ராக்டர் போட்ட தொகையோடு எது பொருந்துகிறதோ அதை எடுக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டாலோ, தொகையே போடாவிட்டாலோ, எழுத்தில் உள்ளது நிற்கும். உலக வங்கி நிதியில் நடக்கும் பணிகளின் மாதிரி ஆவணங்களிலும் ரேட்தான் நிற்கும். ஆனால் ரேட்டில் தசமப் புள்ளி இடம் மாறியது வெளிப்படையாகத் தெரிந்தால் தொகை நிற்கும், ரேட்டைத் திருத்த வேண்டும் என்று ஒரு விலக்கு இருக்கிறது.

இந்த வேறுபாடு சின்னதல்ல. கம்பி ரேட்டை 8.20 என்று எழுதி, தொகையை 1,51,700 என்று போட்டிருந்தால், இரண்டாவது விதிப்படி ரேட் 82 ஆகித் தொகை அப்படியே நிற்கும். முதல் விதிப்படி எழுத்திலும் எட்டு ரூபாய் இருபது பைசா என்றே இருந்தால் தொகை 15,170 ஆகிவிடும்.

மாதிரி பில்லில் ரேட்டுகள் எல்லாம் எண்ணிலும் எழுத்திலும் ஒத்திருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு விதிப்படியும் திருத்திய டோட்டல் 16,14,464. கான்ட்ராக்டர் எழுதிய 14,95,114 குறைந்த விலையாக நின்றிருந்தால், இப்போது வேறொருவர் முன்னுக்கு வந்திருக்கலாம். அதனால் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போடுவதற்கு முன்பே எல்லா டெண்டர்களிலும் இந்தச் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும். பூட்டிய பி.ஓ.க்யூ. ஃபைலில் ரேட்டை மட்டும் நிரப்பும் இ-டெண்டர்களில் பெருக்கல், கூட்டலை ஃபைலே பார்த்துக்கொள்ளும். தாளில் வாங்கும் டெண்டர், சப் கான்ட்ராக்ட் கொட்டேஷன், ரன்னிங் பில் இவற்றில்தான் இந்த வேலை மிச்சம்.

திருத்தத்தைத் தாளில் எழுதும்போது பழைய எண் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, மேலே சரியான எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். செங்கல் கட்டு வரியை அடித்தால் இரண்டாம் பக்கத்தின் சி.எஃப்., மூன்றாம் பக்கத்தின் இரண்டு வரிகள், நான்காம் பக்கத்தின் பி.எஃப்., கடைசி டோட்டல் என்று அந்தத் திருத்தம் போய்ச் சேரும் ஒவ்வொரு இடத்தையும் அடிக்க வேண்டும். பக்கம் 1-இலிருந்து வரிசையாகப் போனால் ஒவ்வோர் எண்ணையும் ஒரு முறை அடித்தால் போதும். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்தால் அதே எண்ணை மூன்று முறை அடித்து எழுத வேண்டிவரும், ஆடிட்டில் எது இறுதி என்ற கேள்வியும் வரும்.